ஒரு ஜக்கும் விட்டுப்போன ஒரு வரியும்

ஓய்வு பெறுவதற்கு முன் கடைசி சில ஆண்டுகள் நான் ஓர் அரசு மருத்துவமனையின் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஃபைல், சம்பளப் பட்டியல், லீவு கணக்கு ஆகியவற்றோடு இன்னொரு வேலையும் என் தலையில் வந்து விழுந்தது. கமிட்டிக் கூட்டங்களுக்குப் போய் உட்கார்ந்து மினிட்ஸ் எழுதுவது. கொள்முதல் கமிட்டி, மருந்துக் கமிட்டி, குப்பை அகற்றும் கமிட்டி என்று பல இருந்தன. அவற்றில் மாதம் ஒரு முறை கூடுவது இன்ஃபெக்‌ஷன் கண்ட்ரோல் கமிட்டி. தமிழில் சொன்னால் தொற்றுத் தடுப்புக் குழு. நோயாளி வீட்டிலிருந்து கொண்டு வந்த நோய் இந்தக் குழுவின் வேலை அல்ல. ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு, ஆஸ்பத்திரியே அவருக்குக் கொடுத்த நோயைப் பற்றிப் பேசத்தான் இந்தக் குழு.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் மினிட்ஸ் என்றதும் எனக்கு 'புரோசே வெர்பால்' என்ற சொல்தான் ஞாபகம் வரும். பிரான்ஸில் போலீஸ்காரர் அபராதத்துக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டுக்கும் அதே பெயர்தான். நம் ஊரில் பென்ஷன் வாங்கும் பிரெஞ்சுக் குடும்பங்களுக்கு இது தெரிந்திருக்கும். அங்கே 1988 மே மாதத்து ஆணை ஒன்றின்படி மருத்துவமனைகளில் இப்படி ஒரு குழு இருந்தாக வேண்டும் என்று ஆனது. எங்கள் மருத்துவமனையில் குழு இருந்தது. கூட்டமும் ஒழுங்காக நடந்தது. மினிட்ஸும் ஒழுங்காக இருந்தது. அந்த ஒழுங்கான மினிட்ஸில் நான் செய்த ஒரு தவறைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

கூட்டத்துக்கு மெடிக்கல் சூப்பிரண்டெண்டெண்ட் தலைவர். மைக்ரோபயாலஜி டாக்டர் அம்மா செயலாளர். எல்லோரும் அவரை 'லேப் மேடம்' என்போம். சர்ஜரி, மெடிசின் டாக்டர்கள், நர்சிங் சூப்பிரண்டெண்டெண்ட், ஸ்டோர் பார்மசிஸ்ட், சானிட்டரி இன்ஸ்பெக்டர் ஆகியோர் இருப்பார்கள். கூடவே ஒரு சிஸ்டர். அவருக்கு வார்டு டியூட்டி கிடையாது. காலையில் ஒரு நோட்டோடு எல்லா வார்டையும் சுற்றி வருவதுதான் அவர் வேலை. இன்ஃபெக்‌ஷன் கண்ட்ரோல் சிஸ்டர் என்று பெயர்.

அந்த நோட்டில் என்ன இருக்கும்? நான் முதலில் நோயாளிகளின் பட்டியல் என்று நினைத்தேன். அதில் இருந்தது எண்ணிக்கை. தினமும் காலையில் ஒரே நேரத்தில், ஆண்கள் மெடிக்கல் வார்டில் எத்தனை பேருக்கு சிறுநீர் டியூப் போட்டிருக்கிறது என்று எண்ணி எழுதுவார். இன்று 13, நாளை 12, மறுநாள் 14. மாதக் கடைசியில் எல்லாவற்றையும் கூட்டினால் 400 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 'டியூப் நாட்கள்' என்று பெயர். ஒருவருக்குப் பத்து நாள் டியூப் இருந்தால் பத்து டியூப் நாட்கள், ஐந்து பேருக்கு இரண்டு நாள் இருந்தாலும் பத்துதான்.

இது எதற்கு என்று ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டேன். சிஸ்டர் சொன்னார். "சார், இந்த மாசம் ரெண்டு பேருக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன், போன மாசமும் ரெண்டு பேருக்குத்தான். ஆனா போன மாசம் வார்டுல டியூப் போட்டவங்க பாதிப் பேர்தான் இருந்தாங்கன்னா, ரெண்டும் ஒண்ணாகுமா?"

ஆகாது. டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் ஓர் ஆபத்து. பை வைத்து மூடிய டியூபாக இருந்தாலும் நாளொன்றுக்கு நூற்றுக்கு மூன்று முதல் ஏழு பேருக்குச் சிறுநீரில் கிருமி ஏறிவிடும் என்பது மருத்துவ நூல்களில் உள்ள கணக்கு. அதனால் தொற்றின் எண்ணிக்கையை டியூப் நாட்களால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குவார்கள். 400 டியூப் நாட்களில் 2 தொற்று என்றால் ஆயிரத்துக்கு 5. கிளார்க் வேலையில் நாற்பது வருஷம் கூட்டல் கழித்தல் செய்தவனுக்கு இந்தக் கணக்கு பிடித்துப் போயிற்று. நான் கீழே தரும் எண்கள் என் ஞாபகத்திலிருந்து முழு எண்களாக்கியவை. கணக்கின் போக்கு மாறவில்லை.

இனி தவறுக்கு வருகிறேன்.

மழைக்காலத்துக்கு முன் நடந்த ஒரு கூட்டம். ஆண்கள் வார்டின் எண் ஆயிரத்துக்கு 5. யாரும் கவலைப்படவில்லை. மதிய உணவு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போது ஆண்கள் வார்டு சிஸ்டர் எழுந்து, "சார், எங்க வார்டுல யூரின் பேக்கைக் காலி பண்ண ஒரே ஒரு ஜக்தான் இருக்கு. நாற்பது கட்டிலுக்கும் அதுதான். தனித்தனியா வேணும்னு இண்டெண்ட் போட்டு நாலு மாசம் ஆச்சு" என்றார்.

ஸ்டோர்காரர் ரேட் கான்ட்ராக்டில் அந்தப் பொருள் இல்லை, டெண்டர் வரும்போது சேர்க்கலாம் என்றார். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "இது ஸ்டோர் விஷயம்மா, தனியா பேசிக்கலாம்" என்றார். கூட்டம் முடிந்தது.

நான் என் இடத்துக்கு வந்து மினிட்ஸ் எழுதினேன். எங்கள் மினிட்ஸ் ஆங்கிலத்தில் இருக்கும். அன்றைய ஆண்கள் வார்டுப் பகுதியைத் தமிழில் சொன்னால் மூன்றே வரி: "கண்காணிப்பு விவரங்கள் பரிசீலிக்கப்பட்டன. தொற்று விகிதம் கட்டுக்குள் இருப்பது குறிப்பிடப்பட்டது. கை கழுவுதலின் அவசியம் வலியுறுத்தப்பட்டது."

ஜக் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தலைவரே ஸ்டோர் விஷயம் என்று சொல்லிவிட்டார், அதை எழுதினால் ஸ்டோர்காரருக்கு வருத்தம், ஆடிட்டில் யாராவது கேள்வி கேட்டாலும் கேட்பார்கள். இப்படி எல்லாம் யோசித்துத்தான் விட்டேன். யாரும் என்னை விடச் சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

ஆறு வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை லேப் மேடம் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கையில் ஆறு கல்ச்சர் ரிப்போர்ட். எல்லாம் ஆண்கள் வார்டு. எல்லாவற்றிலும் கிளெப்சியெல்லா என்ற ஒரே கிருமி. அவசரக் கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்கச் சொன்னார். அதற்கு இணைக்க ஒரு பட்டியலையும் டைப் செய்யச் சொன்னார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு வரி. கட்டில் எண், என்ன நோய்க்கு வந்தார், டியூப் போட்ட தேதி, காய்ச்சல் வந்த தேதி, சாம்பிள் எடுத்த தேதி, எங்கிருந்து எடுத்தது, எந்த மருந்துக்குக் கேட்கிறது, எந்த மருந்துக்குக் கேட்கவில்லை. 'லைன் லிஸ்ட்' என்பார்கள்.

டைப் செய்யும்போதே அவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வரிகளைத் தனியாகப் பிரித்தார். முதலாவது, ஒருவருடைய சாம்பிளை டியூபிலிருந்து எடுக்காமல், பையின் அடியில் உள்ள குழாயைத் திறந்து பிடித்திருக்கிறார்கள். பையில் பல மணி நேரம் தேங்கிய சிறுநீரில் கிருமி தானாகவே பெருகிவிடும். அதை வைத்து நோயாளிக்குத் தொற்று என்று சொல்ல முடியாது. மறுபடி சாம்பிள் எடுக்கச் சொன்னார். இரண்டாமவருக்குச் சிறுநீரில் கிருமி இருந்தது, காய்ச்சல் இல்லை, வலி இல்லை, ஒன்றுமில்லை. டியூப் போட்டவர்களுக்கு இப்படிக் கிருமி சும்மா குடியிருப்பது சகஜம். அதற்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பதும் தப்பு. அவரைத் தொற்றுக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆனால் பட்டியலிலிருந்து எடுக்கவும் கூடாது என்றார் மேடம். அவர் நோயாளி இல்லாவிட்டாலும் அவர் பையிலிருக்கும் கிருமி அடுத்த கட்டிலுக்குப் போகும் அல்லவா.

மீதி நான்கு பேர். டியூப் போட்டு இரண்டு நாளுக்கு மேல் ஆகியிருந்தது, 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ஒரு மில்லி சிறுநீரில் ஒரு லட்சத்துக்கு மேல் கிருமி. மூன்றும் பொருந்தியதால் நால்வரும் கணக்கில் வந்தார்கள். அந்த மாதம் டியூப் நாட்கள் 320. நான்கை 320ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 12.5. போன முறை 5.

அந்தப் பட்டியலில் என் கண்ணில் பட்டது வேறொன்று. நால்வரின் கட்டில் எண்கள் 4, 5, 6, 8. சும்மா கிருமி இருந்தவர் 7. ஒரே வரிசை.

"மருந்துப் பட்டியலும் அஞ்சு பேருக்கும் ஒரே மாதிரி இருக்கு பாருங்க" என்றார் மேடம். வழக்கமான மருந்துகள் எதற்கும் அந்தக் கிருமி அசையவில்லை. விலை உயர்ந்த இரண்டு மருந்துகளுக்கு மட்டும் அடங்கியது. "இது ஒரே கிருமிதான்னு சத்தியம் பண்ண முடியாது. அதுக்கு மரபணு டெஸ்ட் வேணும், நம்மகிட்ட இல்ல. ஆனா வார்டுல போய் தேடறதுக்கு இது போதும்."

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு மேடமும் இன்ஃபெக்‌ஷன் கண்ட்ரோல் சிஸ்டரும் சொல்லாமல் கொள்ளாமல் வார்டுக்குப் போனார்கள். ஏன் ஐந்து மணி? நோயாளிக்கு எவ்வளவு தண்ணீர் உள்ளே போயிற்று, எவ்வளவு சிறுநீர் வெளியே வந்தது என்று ஒரு சார்ட் உண்டு. நைட் டியூட்டி முடிவதற்குள் ஆறு மணிக்கு அதைக் கூட்டி முடிக்க வேண்டும். அதனால் ஐந்து மணிக்கு எல்லாப் பையையும் காலி செய்வார்கள். பகலில் போனால் இதைப் பார்க்க முடியாது.

அவர்கள் பார்த்தது இதுதான். வார்டு அட்டெண்டர் கையுறை போட்டுக்கொண்டு, அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் ஜக்கோடு முதல் கட்டிலில் ஆரம்பித்தார். பையின் அடிக் குழாயைத் திறந்தார். அது ஜக்கின் விளிம்பில் முட்டியது. சிறுநீரை அளந்தார், கக்கூஸில் ஊற்றினார், ஜக்கைப் பைப்பில் ஒரு அலசு அலசினார், அதே கையுறையோடு அடுத்த கட்டில். அங்கேயும் குழாய் அதே ஈர விளிம்பில் முட்டியது. இப்படியே வரிசை முழுக்க. கையுறை போட்டிருந்ததால் அவர் கை சுத்தமாக இருந்தது. நோயாளிகளுக்கு அதனால் ஒரு பாதுகாப்பும் இல்லை.

அட்டெண்டர்மேல் குற்றம் சொல்ல முடியாது. இருந்தது ஒரு ஜக். பதினோரு பைகள். ஒரு மணி நேரம்.

ஈர விளிம்பிலிருந்து பையின் வாய்க்கு வரும் கிருமி பைக்குள் போய்ப் பெருகும். பிறகு ஓரிரு நாளில் டியூபின் உள்சுவரைப் பிடித்து மேலே ஏறும். நோயாளியைப் புரட்டும்போது பையைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தால் ஏறவும் வேண்டாம், சிறுநீரே திரும்பி ஓடி உள்ளே கொண்டுபோய்விடும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையிலும் படக் கூடாது என்று சொல்வது இதற்காகத்தான். ஜக்கின் உள்பக்கத்தையும் விளிம்பையும் பஞ்சால் துடைத்து லேபுக்கு அனுப்பினார்கள். கிளெப்சியெல்லா வந்தது. அதே மருந்துப் பட்டியல்.

அவசரக் கூட்டம் நடந்தது. எந்தக் கூட்டத்திலும் முதல் வேலை, போன கூட்டத்து மினிட்ஸைப் படித்து உறுதி செய்வது. யாரும் காது கொடுத்துக் கேட்காத சடங்கு அது. நான் என் மூன்று வரியைப் படித்தேன். "உறுதி செய்யலாமா?" என்றார் தலைவர்.

ஆண்கள் வார்டு சிஸ்டர் எழுந்தார். அவர் குரல் உயரவில்லை. "சார், போன கூட்டத்துல நான் ஜக் பத்திச் சொன்னேன். அது இதுல இல்ல" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து, "சொன்னாங்க சார். ஸ்டோர் விஷயம்னு நான்தான் எழுதல" என்றேன். உட்காரச் சொல்லும்வரை நின்றுகொண்டிருந்தேன். தலைவர் நல்ல மனிதர். "நான்தான் அப்படிச் சொன்னேன். ரெண்டு பேர் தப்பும் இருக்கு. சேர்த்து எழுதுங்க" என்றார். முந்தைய மினிட்ஸில் அந்தத் திருத்தம் ஏறியது. என் வேலைக் காலத்தில் ஒரு மினிட்ஸ் அப்படித் திருத்தப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

ஆறாம் எண் கட்டில்காரரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பக்கவாதத்தில் வந்த பெரியவர். எழுபது வயதிருக்கும், இப்போது எனக்கு ஆகும் வயது. மகள்தான் கூட இருந்தாள். காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் அவருடைய ரத்தத்திலும் அதே கிருமி வந்தது. அந்தக் கூட்டம் நடப்பதற்கு முதல் நாள் இறந்து போனார். பக்கவாதம் பெரிது, நெஞ்சில் சளி வேறு, தொற்று வராமல் இருந்தால் பிழைத்திருப்பார் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் இறப்புச் சான்றிதழ் விவரத்துக்காக அந்தப் பெண் அலுவலகத்துக்கு வந்தபோது அவளுக்கு ஃபாரம் எடுத்துக் கொடுத்தவன் நான். "கையெழுத்து எங்க போடணும் ஐயா" என்று கேட்டாள். காட்டினேன்.

அன்றைய கூட்டத்தில் லேப் மேடம் ஒன்று கேட்டார். "வலியுறுத்தப்பட்டதுன்னு எழுதறீங்களே, யாரு யாரை வலியுறுத்தினாங்க? எப்ப? செஞ்சாங்களான்னு எப்படித் தெரியும்?" என்னைக் குத்துவதற்காக அல்ல, உண்மையாகவே கேட்டார். போன ஒரு வருஷத்து மினிட்ஸை எடுத்துப் பார்த்தோம். பன்னிரண்டு மாதமும் கை கழுவுதல் வலியுறுத்தப்பட்டிருந்தது. வார்டில் கை கழுவும் பேசினுக்குப் பக்கத்தில் சோப்பு இருந்ததா என்பது எந்த மாதமும் இல்லை.

அதன் பிறகு மினிட்ஸை நான்கு பத்தியாகக் கோடு போட்டு எழுதினேன். என்ன செய்ய வேண்டும், யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், செய்தது எப்படித் தெரியும். அன்று எழுதியது ஏறக்குறைய இப்படி:

ஒன்று. ஒவ்வொரு கட்டிலுக்கும் தனி ஜக், கட்டில் எண் அழியாத மையால் எழுதப்பட வேண்டும். பொறுப்பு: ஸ்டோர். ஒரு வாரத்துக்குள், தலைவரின் அதிகாரத்தில் உள்ளூர்க் கொள்முதலாக. சரிபார்ப்பு: இன்ஃபெக்‌ஷன் கண்ட்ரோல் சிஸ்டர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

இரண்டு. ஜக்கைத் தண்ணீரில் அலசினால் மட்டும் போதாது. சோப்புத் தண்ணீரில் கழுவி, பிறகு அன்றன்று கலக்கிய பிளீச்சிங் கரைசலில் ஊற வைத்து, கவிழ்த்து உலர வைக்க வேண்டும். பொறுப்பு: வார்டு சிஸ்டர். சரிபார்ப்பு: பதினைந்து நாள் கழித்து லேப் ஐந்து ஜக்குகளைச் சோதிக்கும்.

மூன்று. ஒரு பைக்கும் அடுத்த பைக்கும் நடுவில் கையுறையைக் கழற்றிப் போட்டு, கைக்கு ஸ்பிரிட் திரவம் தேய்த்து, புதுக் கையுறை போட வேண்டும். திரவப் பாட்டில் கட்டிலின் கால்மாட்டில் தொங்க வேண்டும். சரிபார்ப்பு: வார்டு மாதம் எத்தனை பாட்டில் வாங்குகிறது என்று ஸ்டோர் கணக்குக் கொடுக்க வேண்டும்.

நான்கு. டியூப் போட்ட தேதியும் காரணமும் கேஸ் ஷீட்டின் முகப்பில் எழுதப்பட வேண்டும். தினமும் ரவுண்ட்ஸில் 'இன்று எடுக்கலாமா' என்று டாக்டர் முடிவு செய்ய வேண்டும். பொறுப்பு: மெடிசின் பிரிவுத் தலைவர்.

இரண்டாவது பத்தியில் ஏன் முதலில் சோப்பு என்று கேட்டேன். அழுக்கு இருந்தால் பிளீச்சிங் அந்த அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும், கிருமியிடம் போய்ச் சேராது என்றார் மேடம். நேற்றுக் கலக்கிய கரைசலும் வீரியம் போய் வெறும் வாசனையாகத்தான் நிற்குமாம். நாம் வீட்டில் செய்வதெல்லாம் நினைவுக்கு வந்தது.

நாலு மாதமாக நகராத இண்டெண்ட் நாலே நாளில் நகர்ந்தது. நாற்பத்தைந்து ஜக்குகள். அதற்கான பில்லை நான்தான் பாஸ் பண்ணி அனுப்பினேன். தொகையைப் பார்த்தபோது கூச்சமாக இருந்தது. எங்கள் ஆபீஸ் டீ பில்லைவிடக் கொஞ்சம்தான் கூடுதல்.

நான்காவது தீர்மானம்தான் எதிர்பாராததைக் கொண்டு வந்தது. காரணம் எழுத வேண்டும் என்றதும், பல டியூப்களுக்குக் காரணமே இல்லை என்று தெரிந்தது. அவசரப் பிரிவில் போட்டது, எடுக்க யாருக்கும் ஞாபகமில்லை. சிலருக்குப் படுக்கை நனையாமல் இருக்கப் போட்டது. ஒருவர் நடந்து போய் டீ குடித்துவிட்டு வருகிறார், பை கையில் தொங்குகிறது! எடுக்க எடுக்க, டியூப் நாட்கள் 320லிருந்து 200 ஆயிற்று. அந்த மாதம் ஒரே ஒரு தொற்று. ஆயிரத்துக்கு 5. அடுத்த மாதம் டியூப் நாட்கள் 160, மறுபடி ஒரு தொற்று. கணக்குப் போட்டால் 6.25.

கூட்டத்தில் ஒருவர், "இவ்வளவு செஞ்சும் ஏறியிருக்கே" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. லேப் மேடம் விளக்கினார். டியூப் தேவையில்லாதவர்களுக்கு எடுத்துவிட்டோம். மிச்சமிருப்பவர்கள் மிகவும் நலிந்தவர்கள், தொற்று எளிதில் வருபவர்கள். வகுக்கும் எண்ணும் சிறுத்துவிட்டது. அதனால் ஒரே ஒரு தொற்றுகூட விகிதத்தைத் தூக்கிக் காட்டும். ஆகவே விகிதத்தோடு இன்னொரு எண்ணையும் பக்கத்தில் போட வேண்டும். வார்டில் எல்லா நோயாளிகளும் இருந்த மொத்த நாட்களில் எத்தனை பங்கு டியூப் நாட்கள்? முன்பு 1200க்கு 400, மூன்றில் ஒரு பங்கு. இப்போது 1200க்கு 160, ஏழில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் வார்டின் நிலை தெரியும். அடுத்த மாதம் தொற்று பூஜ்யம். அதையும் பெரிதாகக் கொண்டாட வேண்டாம் என்றார். ஒரு மாதப் பூஜ்யம் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம், கல்ச்சருக்கு அனுப்ப மறந்ததாகவும் இருக்கலாம். அதனால் எத்தனை சாம்பிள் லேபுக்கு வந்தது என்பதும் மினிட்ஸில் ஏறியது. தேடாமல் இருந்தால் எந்த ஆஸ்பத்திரியிலும் தொற்று இருக்காது.

அந்தப் பழைய வகைக் கிளெப்சியெல்லா அதன் பிறகு ஆண்கள் வார்டில் நான் இருந்தவரை கூட்டமாக வரவில்லை. ஜக்கால்தான் வந்தது, ஜக் மாற்றியதால்தான் போனது என்று மேடம் கடைசிவரை எழுதவில்லை. ஒரே நேரத்தில் நான்கு காரியம் செய்தோம், எதனால் நின்றது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை என்பார். 'பெரும்பாலும் பொது ஜக்கினால் பரவியிருக்கலாம்' என்றுதான் மினிட்ஸில் இருக்கிறது. அந்த 'பெரும்பாலும்' என்ற சொல்லை எடுத்துவிடச் சொல்லி ஒருவர் கேட்டார். நான் எடுக்கவில்லை.

போன வருஷம் எனக்கே பிராஸ்டேட் ஆபரேஷன் ஆயிற்று. கண் விழித்ததும் டியூப் இருந்தது. மகன் போனை நீட்டி, "அப்பா, அம்மா பேசணுமாம்" என்றான். இருடா என்று சொல்லிவிட்டுக் கட்டிலுக்குக் கீழே எட்டிப் பார்த்தேன். பை தரையில் படாமல் கொக்கியில் தொங்கியது. பக்கத்தில் ஒரு ஜக், கவிழ்த்து வைத்திருந்தது. அதில் கறுப்பு மையில் என் கட்டில் எண். மறுநாள் காலை ரவுண்ட்ஸில் டாக்டர் வந்ததும் முதலில் கேட்டேன், "இன்னைக்கு எடுக்கலாமா சார்?"

"இன்னும் ஒரு நாள் இருக்கட்டும் ஐயா" என்றார். காரணமும் சொன்னார். சரி என்றேன்.